முந்நூறு பதில்களுக்குள் முடிகிற தலைப்பு எது? மாணவர் வாழ்க்கை பற்றிய நான்கு சர்வேக்கள், ஓர் ஒப்பீடு

இறுதியாண்டு உளவியல், சமூகவியல் மாணவர்கள் ப்ராஜெக்ட் பற்றிப் பேச வரும்போது தலைப்பே இல்லாமல் வருவது அபூர்வம். மூன்று நான்கு தலைப்புகளை வைத்துக்கொண்டு எதை விடுவது என்று தெரியாமல்தான் வருகிறார்கள். கைடு ஒன்றைச் சொல்வார், சீனியர் இன்னொன்றைச் சொல்வார், தோழி ஏற்கெனவே மூன்றாவதை எடுத்திருப்பாள். டிசம்பரில் தலைப்பைக் கொடுத்து மார்ச்சில் வைவாவுக்கு உட்காரவேண்டும். கிடைக்கக்கூடிய பதில்கள் இருநூற்றைம்பதிலிருந்து நானூறு வரை.

அடிக்கடி கேட்கப்படும் நான்கு தலைப்புகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். செல்போனும் தூக்கமும், ஹாஸ்டல்வாசிகள் டே ஸ்காலர்கள் இருவரில் யாருக்குத் தனிமை அதிகம், தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் உட்காருபவர்கள் எவ்வளவு வாய் திறக்கிறார்கள், கல்லூரிக்கு வந்துபோகும் நேரம் தூக்கத்தைத் தின்கிறதா. களம் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், உங்கள் கல்லூரிக்குள்ளேயே வேறுபாடு இருக்கிறதா என்பது. எல்லோரும் ஒரே மாதிரி இருக்கும் விஷயத்தை எத்தனை பேரிடம் கேட்டாலும் எதுவும் தெரியவராது. முந்நூறு பதிலில் இருநூற்று அறுபது பேர் டே ஸ்காலர், நாற்பது பேர் ஹாஸ்டல் என்றால், ஒப்பிடுவதற்கு உங்களிடம் இருப்பது உண்மையில் முந்நூறு அல்ல. கணக்கு இது:

```
2 × 40 × 260 / 300 = 69.3
```

அதாவது ஒரு பக்கம் 69, மறுபக்கம் 69 என்று சமமாக எடுத்த சர்வேயின் பலம்தான் இதற்கும். இருபதுக்கு இருநூற்று எண்பது என்றால் பக்கத்துக்கு 37 ஆகச் சுருங்கிவிடும். பெரிய குழுவில் இன்னும் நூறு பேரைச் சேர்த்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. சிறிய குழுதான் எல்லையைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, நீங்கள் தேடும் உறவு எவ்வளவு பெரியது. உறவு உண்மையிலேயே இருந்தால் ஐந்தில் நான்கு முறையாவது அது கண்ணில் படவேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. அதன்படி, இரண்டு அளவுகளுக்கு இடையிலான ஒட்டுறவு 0.3 என்றால் 85 பேர் போதும். 0.2 என்றால் 194 பேர் வேண்டும். 0.1 என்றால் 783. மாணவர் வாழ்க்கை பற்றிய தலைப்புகளில் 0.2-ஐ எதிர்பார்ப்பதுதான் பத்திரம். ஆகவே முந்நூறு நல்ல எண்தான், ஒரு கேள்விக்கு. "இந்த உறவு ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறுபடுகிறதா?" என்று அதன்மேல் இன்னொரு மாடி கட்டினால் முந்நூறு போதாது. வைவாவில் எக்ஸ்டர்னல் இதைத்தான் முதலில் பிடிப்பார்.

மூன்றாவது, பதில் சொல்பவருக்கே உண்மை தெரியுமா, தெரிந்தாலும் சொல்வாரா. நான்காவது, கேள்வித்தாள் எங்கிருந்து வருகிறது, அதற்கு அனுமதி உண்டா, தமிழில் இருக்கிறதா. ஐந்தாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. நீங்கள் பதில் வாங்கும் முறையால் யார் தானாகவே விடுபட்டுப் போகிறார்கள்? ஒவ்வொரு தலைப்பையும் தனியாகப் பார்க்கும்போது இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

## தலைப்பு 1: செல்போனும் தூக்கமும்

எல்லோரும் எடுக்கும் தலைப்பு. எளிதாகத் தெரிவதுதான் காரணம். ஸ்மார்ட்போன் பழக்கத்துக்குப் பத்துக் கேள்வி கொண்ட சுருக்க அளவுகோல் இருக்கிறது, தூக்கத்துக்கு 1989-இல் வெளிவந்த பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல் இருக்கிறது. இரண்டையும் கூகுள் ஃபார்மில் போட்டு, ஒட்டுறவு பார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும்.

பிட்ஸ்பர்க் அளவுகோலைக் கணக்கிட உட்காரும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கும். அதில் பத்தொன்பது கேள்விகள், ஏழு பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. ஐந்துக்கு மேல் போனால் தூக்கம் சரியில்லை என்று கொள்வது வழக்கம். ஏழில் ஒரு பகுதி, படுக்கையில் இருந்த நேரத்தில் எத்தனை சதவீதம் தூங்கினார் என்பது. அதற்குப் படுக்கும் நேரமும் எழும் நேரமும் எண்ணாக வேண்டும். கட்டத்தைத் திறந்து விட்டால் ஒருவர் "11" என்று எழுதுவார், இன்னொருவர் "11.30 இருக்கும்", மற்றொருவர் "23:00", அடுத்தவர் "12க்கு மேல". காலை பதினொன்றா இரவு பதினொன்றா என்று சந்தேகம் வரும் பதில்களும் நிச்சயம் இருக்கும். முந்நூறு வரிகளைக் கையால் திருத்த ஒரு வாரம் போகும். ஃபார்மில் நேரத்துக்கென்றே இருக்கும் கேள்வி வகையைப் பயன்படுத்தினால் பாதித் தலைவலி குறையும். ஆனால் நள்ளிரவுக்கு முன்பே படுத்துக் காலையில் எழுபவருக்குக் கழித்தல் கணக்கு மைனஸில் வரும், அதைக் கவனித்து 24 மணி கூட்டவேண்டும்.

போன் பக்கம் வேறு பிரச்சினை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், சொல்வதும் போன் பதிவுசெய்திருப்பதும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகும். இதற்கு மாற்று இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அங்கே காட்டும் நேரத்தை அப்படியே எழுதச் சொல்லலாம். செய்தால் தலைப்பின் தரம் ஒரு படி ஏறிவிடும். எல்லோரும் செய்துவிடமாட்டார்கள் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் தீராத குறை ஒன்று. தூக்கம் வராதவர்தான் போனை எடுக்கிறாரா, போனை எடுத்ததால் தூக்கம் வரவில்லையா என்பதை ஒரே ஒரு முறை எடுக்கும் சர்வே சொல்லவே சொல்லாது. அறிக்கையில் "போன் தூக்கத்தைக் கெடுக்கிறது" என்று எழுதாமல் இருக்கத் தெரிந்தவருக்கு இந்தத் தலைப்பு சரி.

## தலைப்பு 2: ஹாஸ்டலா, வீடா, யாருக்குத் தனிமை

நூற்றுக்கும் மேற்பட்டோர் ஹாஸ்டலில் இருக்கும் கல்லூரி என்றால் இதைத் தாராளமாக யோசிக்கலாம். முப்பது பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வேறு தலைப்புக்குப் போய்விடுங்கள். இரு பக்கமும் 150 பேர் கிடைத்தால், திட்ட விலக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வித்தியாசம் இருந்தால்கூடப் பிடிபடும். இளங்கலைக்கு அது நல்ல பலம்.

தனிமைக்கான யூசிஎல்ஏ அளவுகோலின் மூன்றாம் வடிவம் 1996-இல் வந்தது. இருபது கேள்விகள், மதிப்பெண் 20 முதல் 80 வரை. இதில் ஒன்பது கேள்விகள் எதிர்த்திசையில் கேட்கப்படுபவை. "உங்களை நன்கு புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள் என்று எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள்" என்ற வகை. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போடாமல் கூட்டிவிடுவது வருடா வருடம் நடக்கிற விபத்து. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸிலோ ஜமோவியிலோ கிரான்பாக் ஆல்ஃபா போட்டுப் பாருங்கள். நன்றாகச் சோதிக்கப்பட்ட அளவுகோலுக்கு 0.3, 0.4 என்று வந்தாலோ, மைனஸில் வந்தாலோ, மாணவர்கள் தப்பாகப் பதில் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். முதலில் திருப்பவேண்டியவற்றைத் திருப்பினீர்களா என்று பாருங்கள். திருப்பியும் குறைவாகவே இருந்தால், வரிசையாக எல்லாவற்றுக்கும் "3" போட்டுக்கொண்டே போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எதிர்த்திசைக் கேள்வியிலும் அதே "3" விழுந்திருக்கும்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். ஹாஸ்டலில் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்கள் அல்ல. ஊர் தூரம், வீட்டு வருமானம், பெண்ணை வெளியில் விட வீட்டில் சம்மதமா என்பது, முதலாமாண்டா மூன்றாமாண்டா என்பது, எல்லாம் அதோடு பின்னிக்கிடக்கிறது. முதலாமாண்டு ஜூலையில் ஹாஸ்டலுக்கு வந்த பிள்ளைக்கு இருக்கும் தனிமையும், மூன்று வருடம் ஒரே அறையில் குப்பை கொட்டியவருக்கு இருக்கும் தனிமையும் ஒன்றல்ல. ஆண்டையும் ஊர் தூரத்தையும் கட்டாயம் கேளுங்கள். அப்புறம், வாடகை அறையில் நண்பர்களோடு தங்குபவர்கள், உறவினர் வீட்டில் தங்குபவர்கள் என்று இரண்டிலும் சேராத ஒரு கூட்டம் இருக்கும். அவர்களுக்கு ஒரு விருப்பத்தேர்வு வைக்காவிட்டால் கையில் கிடைத்ததைத் தட்டிவிட்டுப் போவார்கள், இரண்டு குழுவும் கலங்கிவிடும்.

## தலைப்பு 3: தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு

சமூகவியல் மாணவர்களுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது இது. கேள்வி நம் கல்லூரிகளுக்கே உரியது, இறக்குமதி அளவுகோல் எதுவும் தேவையில்லை, கண்ணுக்கு முன்னால் தினமும் நடப்பது. அதே நேரத்தில் நான்கிலும் கவனமாகச் செய்யவேண்டியதும் இதுதான்.

முதல் சிக்கல், யார் தமிழ்வழி என்பது. பத்தாவது வரை தமிழ்வழி, பிளஸ் டூ ஆங்கிலவழி என்று மாறியவர்கள் எந்தக் கல்லூரியிலும் கணிசமாக இருப்பார்கள். "தமிழ்வழியா, ஆங்கிலவழியா?" என்று ஒற்றைக் கேள்வி வைத்தால் அவர்கள் இரண்டிலும் சிதறுவார்கள். ஐந்தாவது, எட்டாவது, பத்தாவது, பன்னிரண்டாவது, நான்குக்கும் தனித்தனியாகப் பயிற்றுமொழியைக் கேளுங்கள். நான்கு தட்டல்தான், பத்து விநாடி. பிறகு எங்கே கோடு போடுவது என்று நீங்கள் முடிவு செய்யலாம். முடிவைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விடை நன்றாக வரும் இடத்தில் கோடு போட கை தானாகப் போகும்.

அரசுப் பள்ளிப் பின்னணியைச் சரிபார்க்க உதவிக்கு வரக்கூடிய ஒன்று இருக்கிறது. 2022-இல் வந்த புதுமைப் பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று கேட்டால், ஆறாவது முதல் எங்கே படித்தார் என்ற பதிலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஆனால் இது ஒரு துணைச் சான்று மட்டுமே. தகுதி இருந்தும் வாங்காதவர்கள் இருப்பார்கள், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கும்படி நிரப்பவேண்டிய கேள்வியும் அல்ல. தேவை இல்லை என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல், எதை அளப்பது. "வகுப்பில் பேசத் தயங்குகிறீர்களா?" என்றால் எல்லோரும் ஓரளவு ஆமாம் என்பார்கள். நடந்ததைக் கேட்பது நல்லது. கடந்த ஐந்து வேலைநாள்களில் வகுப்பு நடக்கும்போது ஆசிரியரிடம் எத்தனை முறை சந்தேகம் கேட்டீர்கள்? அதில் எத்தனை தமிழில்? வகுப்பு முடிந்தபின் ஸ்டாஃப் ரூமில் போய்க் கேட்டது எத்தனை? நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது எத்தனை? இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும். தமிழ்வழி மாணவர் வகுப்பில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை, ஆனால் நண்பரிடம் ஆறு முறை கேட்டிருக்கிறார் என்றால் ஆர்வம் குறைவு என்ற வாதம் விழுந்துவிடும். தமிழிலும் கேட்கவில்லை என்றால் மொழியைத் தாண்டி ஏதோ இருக்கிறது. ஆசிரியர் எந்த மொழியில் விளக்குகிறார் என்பதையும் கேளுங்கள். பெயருக்கு ஆங்கிலவழி, நடத்துவது பாதிக்குமேல் தமிழ் என்ற வகுப்புகள் ஏராளம்.

விடைகளில் சுழியங்கள் குவியும். பாதிப்பேர் "0" போட்டிருக்கும்போது சராசரி எடுத்து ஒப்பிடுவது பொருத்தமில்லை. ஒரு முறையாவது கேட்டவர், கேட்காதவர் என்று பிரித்துச் சதவீதம் பாருங்கள். உதாரணத்துக்கு, தமிழ்வழி 80 பேரில் 48 பேர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை, ஆங்கிலவழி 160 பேரில் 64 பேர் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம், 40 சதவீதம். வித்தியாசம் 20 புள்ளி. இதன் 95 சதவீத எல்லை ஏறத்தாழ 7-இலிருந்து 33 வரை விரியும். வித்தியாசம் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். எவ்வளவு என்பதில் இவ்வளவு இழுபறி உண்டு என்பதையும் எழுதவேண்டும். 240 பேரிடமிருந்து இதற்குமேல் துல்லியம் கிடைக்காது.

துறை என்ற பொறி ஒன்று இருக்கிறது. தமிழ் இலக்கியத் துறையில் பெரும்பாலோர் தமிழ்வழியிலிருந்து வருவார்கள், பாடமும் தமிழில். அவர்களைச் சேர்த்தால் கேள்வியே மாறிப்போகும். பிகாம், கணினி அறிவியல், கணிதம் போன்று இரு பின்னணியினரும் கலந்து உட்காரும் துறைகளாக மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு துறைக்குள்ளும் ஒப்பிடுங்கள்.

மிகப் பெரிய மறைமுகச் செலவு கேள்வித்தாளின் மொழிதான். ஆங்கிலத்தில் தயக்கம் பற்றிய சர்வேயை ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பினால், தயங்குபவர் ஃபார்மைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். மிஞ்சுபவர்கள் தயங்காதவர்கள். வித்தியாசம் இல்லை என்று முடிவு வரும், அதை நீங்கள் நம்பியும் விடுவீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுங்கள். மொழிபெயர்ப்பை இன்னொருவரிடம் கொடுத்து, மூலத்தைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிடுங்கள். தமிழ் வடிவம் புத்தகத் தமிழாகக் கெட்டிப்பட்டுவிட்டால் அதுவும் பயனில்லை. பத்து முதலாமாண்டு மாணவர்களிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கே நிற்கிறார்களோ அந்த வரியை மாற்றுங்கள்.

## தலைப்பு 4: பயண நேரம்

கேட்டவுடன் சப்பென்று இருக்கும். "பஸ்ஸில் வருவதில் என்ன உளவியல்?" என்று கைடே கேட்கலாம். என் கணிப்பில், டே ஸ்காலர்கள் நிறைந்த கல்லூரியில் முந்நூறு பதிலை வைத்து உருப்படியான விடை கிடைக்க அதிக வாய்ப்புள்ள தலைப்பு இதுதான்.

காரணம் முதல் அளவுகோலிலேயே இருக்கிறது. பத்து நிமிடம் நடந்து வருபவரும், இரண்டு பஸ் மாறி ஒன்றே முக்கால் மணி நேரம் வருபவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். குழு பிரிக்கவேண்டிய தேவையே இல்லை, ஒவ்வொருவரும் ஒரு எண். அந்த எண்ணை மறைக்க யாருக்கும் காரணமில்லை. அளவுகோல் அனுமதிக்கு யாருக்கும் மெயில் அனுப்பவேண்டியதில்லை.

கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம். "எத்தனை நிமிடம் ஆகும்?" என்றால் 30, 60, 90 என்று உருட்டிச் சொல்வார்கள். நேற்று வீட்டை விட்டுக் கிளம்பியது எத்தனை மணிக்கு, கல்லூரி கேட்டைத் தாண்டியது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், கழித்தலை நீங்கள் போடுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமும் இதில் வந்துவிடும். அது முக்கியம், சில ஊர்களில் காத்திருப்புதான் பயணத்தைவிட நீளம். எத்தனை வண்டி மாறினீர்கள், உட்கார இடம் கிடைத்ததா, எதில் வந்தீர்கள் என்று மூன்று சிறு கேள்விகள். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021-இலிருந்து கட்டணமில்லை. இலவச பஸ்ஸுக்காகக் காத்திருந்து நேரம் கூடுகிறதா என்று ஒரு கேள்வி வைத்தால் சமூகவியல்காரருக்குத் தனி அத்தியாயமே கிடைக்கும்.

மறுபக்கம், முந்தைய இரவு எப்போது தூங்கினார், காலையில் எப்போது எழுந்தார். பிட்ஸ்பர்க் அளவுகோல் முழுவதும் தேவையில்லை. திங்கட்கிழமை கேட்டால் ஞாயிறு இரவுத் தூக்கம் வரும், ஆகவே செவ்வாய் முதல் வெள்ளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு இரவு என்பதால் கொஞ்சம் இரைச்சல் இருக்கும். அளவுகளில் இரைச்சல் கூடக்கூட ஒட்டுறவு இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும். முடிந்தால் இரண்டு இரவுகளைக் கேட்டுச் சராசரி எடுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 240 டே ஸ்காலர்கள். பயண நேரத்தின் திட்ட விலக்கம் 30 நிமிடம், தூக்கத்தின் திட்ட விலக்கம் 70 நிமிடம், ஒட்டுறவு மைனஸ் 0.25.

```
சாய்வு = -0.25 × 70 / 30 = -0.58
60 × 0.58 ≈ 35 நிமிடம்
```

ஒரு பக்கப் பயணம் ஒரு மணி நேரம் கூடுதலாக உள்ளவர் சராசரியாக 35 நிமிடம் குறைவாகத் தூங்குகிறார். 95 சதவீத எல்லை ஏறத்தாழ 18 முதல் 52 நிமிடம் வரை. ஒட்டுறவுக் கெழுவைச் சொன்னால் முகம் சுளிப்பவர்களுக்கும் இந்த வாக்கியம் புரியும். கல்லூரி நிர்வாகத்திடம் முதல் பீரியடை அரை மணி தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்பதற்கும் இந்த எண் உதவும்.

இங்கும் மறைவான செலவு உண்டு. தூரத்திலிருந்து வரமுடியாதவர்கள் ஏற்கெனவே ஹாஸ்டலுக்குப் போயிருப்பார்கள், அல்லது அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்திருக்கமாட்டார்கள். மிஞ்சியிருப்பது தாக்குப்பிடிப்பவர்கள். அதனால் உண்மையான பாதிப்பு நீங்கள் காண்பதைவிட அதிகமாக இருக்கலாம். காலையில் வீட்டுவேலை, மாலையில் பகுதிநேர வேலை இரண்டையும் கேட்காமல் விட்டால் எல்லாப் பழியும் பஸ் மேல் விழும். இன்னொன்று, மாலை நாலு மணிக்குமேல் ஃபார்ம் கொடுத்தால் தூரத்துக்காரர் ஒருவர்கூட இருக்கமாட்டார், நாலு பத்து பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பார். இரண்டாவது அல்லது மூன்றாவது பீரியடில் ஆசிரியரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். முதல் பீரியட் வேண்டாம், பஸ் தாமதமானவர் அதற்குள் வந்திருக்கமாட்டார்.

## ஒரே பார்வையில்

| | செல்போன், தூக்கம் | ஹாஸ்டல், தனிமை | பயிற்றுமொழி, பேச்சு | பயணம், தூக்கம் |
|---|---|---|---|---|
| கல்லூரிக்குள் வேறுபாடு | எல்லோரிடமும் போன் உண்டு, நேரம் வேறுபடும் | ஹாஸ்டல் அளவைப் பொறுத்தது | துறையைப் பொறுத்தது | தாராளம் |
| குறைந்தபட்சப் பதில்கள் | 200 | பக்கத்துக்கு 100 | சிறிய குழுவில் 80 | 200 |
| பதிலை நம்பலாமா | போனே காட்டும் எண் என்றால் | ஓரளவு | நடந்ததைக் கேட்டால் | நன்றாக |
| கேள்வித்தாள் | அனுமதி பார்க்கவேண்டும் | அனுமதி, தமிழாக்கம் | நீங்களே எழுதுவது | நீங்களே எழுதுவது |
| மறைந்த செலவு | நேரப் பதில்களைத் திருத்துவது | ஊர், வருமானம், ஆண்டு கலப்பது | இருமொழி வடிவம் | தூரத்தவர் ஏற்கெனவே விலகியிருப்பது |
| விடுபடக்கூடியவர் | ஸ்கிரீன் டைம் பக்கத்தைத் திறக்காதவர் | வாடகை அறைவாசிகள் | ஆங்கிலத்தில் தயங்குபவர் | மாலையில் சீக்கிரம் கிளம்புபவர் |

## மனச்சோர்வு பற்றி ஏன் சொல்லவில்லை

ஐந்தாவது தலைப்பாகப் பலர் கொண்டுவருவது இதை. மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகள் கொண்ட அளவுகோல் இலவசமாகக் கிடைப்பதால் ஆசை வருகிறது. அதன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றியது. பெயரில்லாத ஃபார்மில் யாரோ ஒருவர் "ஏறத்தாழ தினமும்" என்று தட்டியிருப்பார். அதை இரவு பதினொரு மணிக்கு எக்செல்லில் பார்க்கும் இருபது வயது மாணவருக்கு, அது யார் என்றும் தெரியாது, என்ன செய்வது என்றும் தெரியாது. அந்தக் கேள்வியை நீக்கிய எட்டுக் கேள்வி வடிவம் ஒன்று உண்டு. அதைக்கூட, கல்லூரியில் ஆலோசகர் இருந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருந்தால் மட்டுமே எடுங்கள். மேலே சொன்ன தனிமைத் தலைப்புக்கும் ஃபார்மின் முடிவில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐப் போட்டுவிடுவது நல்லது. முதலாமாண்டில் பதினேழு வயதுக்காரர்கள் இருப்பார்கள், பெற்றோர் ஒப்புதல் வாங்க வழியில்லை என்றால் பதினெட்டு நிரம்பியவர்கள் மட்டும் என்று ஃபார்மின் முதல் கேள்வியிலேயே வடிகட்டுங்கள்.

## எந்த நிலையில் எது

பெரிய ஹாஸ்டல், வார்டனின் ஒத்துழைப்பு, கையில் இரண்டு மாதத்துக்குமேல் அவகாசம், இவை மூன்றும் இருந்தால் தனிமை. புள்ளியியலில் பயமில்லை, தரவு சுத்தம் செய்யப் பொறுமை உண்டு என்றால் செல்போன், அதுவும் போன் காட்டும் எண்ணோடு மட்டும். சமூகவியல் மாணவர், மூன்று துறை வகுப்புகளுக்குள் நுழைய அனுமதி வாங்க முடியும் என்றால் பயிற்றுமொழி. அவகாசம் குறைவு, துறைக்கு வெளியே ஆள் பழக்கம் குறைவு, ஆனால் பஸ்ஸில் வந்துபோகிறவர்கள் நிறைந்த கல்லூரி என்றால் பயணம்.

எதை எடுத்தாலும் வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க் போட்டு முந்நூறைச் சேர்ப்பதைவிட வகுப்பில் நின்று வாங்குவது மேல். லிங்க்கை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது, நிரப்பியவர்களில் பாதி உங்கள் நண்பர்களின் நண்பர்கள். வகுப்பில் என்றால் "வந்திருந்த 48 பேரில் 42 பேர் பதிலளித்தனர்" என்று எழுதலாம். எட்டு வகுப்புகள் போனால் முந்நூறு தாண்டிவிடும். எட்டு நிமிடத்துக்குள் முடியாத ஃபார்மில் பின்பாதிப் பதில்கள் வெறும் தட்டல்களாக இருக்கும்.

இரண்டு தலைப்புகளுக்கு இடையில் இன்னும் ஊசலாடினால், ஒரு மதிய இடைவேளையில் கேன்டீனில் கண்ணில் படும் இருபது பேரிடம் இரண்டின் முதன்மைக் கேள்வியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதினேழு பேர் ஒரே பதிலைச் சொல்லும் தலைப்பை விட்டுவிடலாம்.